பேசும்போது நுரையீரல் தரும் அழுத்தத்தை அளக்க: உதட்டோரக் குழாயா, பலூனா, பட்டையா, ஊசியா?

ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுக்கும் பருவம் வந்தால் இதே கேள்வியோடு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வந்துவிடுகிறார்கள். சிலர் மொழியியல் மாணவர்கள், சிலர் பேச்சு சிகிச்சை படிப்பவர்கள். தமிழ் பேசும்போது குரல்நாண்களுக்குக் கீழே எவ்வளவு காற்றழுத்தம் இருக்கிறது, ஒரு தொடர் முடிய முடிய அது எப்படி மாறுகிறது, ஒரு சொல்லை அழுத்திச் சொன்னால் கூடுகிறதா என்றெல்லாம் அளந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். படித்துப் பார்த்தால் நான்கு வழிகள் கிடைக்கின்றன. நான்கிலும் நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

நான்கும் ஒரே பொருளை அளப்பவை அல்ல என்பதுதான் இதில் சிக்கல். ஆகவே கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் நுரையீரல் பேச்சுக்குக் காற்று தரும் விதத்தை ஒரு முறை நேராகப் பார்த்துவிடுவது நல்லது.

## அளக்கப்போவது என்ன

ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை 7 செ.மீ. ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும் வரை ஊதுங்கள். குமிழி வரத் தொடங்கும் கணத்தில் உங்கள் வாய்க்குள் இருப்பது 7 செ.மீ. நீர் அழுத்தம். சாதாரணமாக உரையாடும்போது குரல்நாண்களுக்குக் கீழே இருப்பதும் ஏறத்தாழ இந்த அளவுதான்: 5 முதல் 10 செ.மீ. வரை. மென்மையாகப் பேசும்போதுகூட 3 செ.மீ. அளவுக்காவது அழுத்தம் இல்லாவிட்டால் குரல்நாண்கள் அதிரத் தொடங்குவதே கடினம். சத்தம் போட்டால் இது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும்.

இந்த அழுத்தத்தை உண்டாக்குவது தசை மட்டும் இல்லை. நன்றாக மூச்சை இழுத்தபின் நுரையீரலும் விலாக்கூடும் நீட்டிவிட்ட ரப்பரைப்போலத் தாமாகவே சுருங்கப் பார்க்கின்றன. ஆழமாக இழுத்திருந்தால் அந்தச் சுருக்கம் மட்டுமே பேச்சுக்குத் தேவையானதைவிட அதிக அழுத்தம் தந்துவிடும். அதனால் பேச்சின் தொடக்கத்தில் மூச்சை உள்ளிழுக்கும் தசைகளே தளராமல் நின்று, விலாக்கூடு சட்டென்று இறங்காதபடி பிடித்துவைக்கின்றன. காற்று குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. சுருக்கம் தரும் அழுத்தம் பேச்சுக்குத் தேவையானதைவிடக் குறைந்ததும், வெளியே தள்ளும் விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. கேட்பவருக்கு இந்தக் கைமாற்றம் தெரியாது. அவருக்குக் கேட்பது ஒரே சீரான குரல்.

மூன்று விநாடி நீளமுள்ள ஒரு தொடருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்று போகிறது. உயிரொலியின்போது விநாடிக்கு 100 முதல் 200 மி.லி. வரை வெளியேறும் என்பதை வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வரும். இந்த அரை லிட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலூனைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

## எதை வைத்துத் தேர்வது

மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

முதல் கேள்வி, நீங்கள் தேடும் மாற்றம் எவ்வளவு வேகமானது? ஒரு தொடர் முழுக்க மெல்ல இறங்கும் அழுத்தம் ஒன்று, ஓர் அசைக்குள் கால் விநாடியில் வந்துபோகும் ஏற்றம் வேறொன்று. இரண்டாவதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே உண்டு. ஒவ்வோர் அசைக்கும் விலாத் தசைகள் தனியாக ஓர் உந்து கொடுக்கின்றன என்று அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் இருந்த ஸ்டெட்சன் 1920களில் சொன்னார். 1950களில் எடின்பரோவில் லேடிஃபோகெட், டிரேப்பர், விட்டரிட்ஜ் மூவரும் விலாத் தசைகளின் மின் துடிப்பையே பதிவுசெய்து பார்த்தார்கள். அசைக்கு ஒன்று என்ற கணக்கு பொருந்தவில்லை. சில இடங்களில் ஒரே உந்தில் இரண்டு அசைகள் வந்தன, சில இடங்களில் ஓர் அசைக்குள்ளேயே இரண்டு உந்துகள் வந்தன. உங்கள் கேள்வி இந்த வகையா, அல்லது தொடர் அளவிலானதா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

இரண்டாவது, பேசுபவர் என்ன பேச வேண்டும்? நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியம் போதுமா, தன்போக்கில் கதை சொல்ல வேண்டுமா?

மூன்றாவது, தவறான எண் வந்தால் அது தவறு என்று உங்களுக்கே தெரியுமா? இதைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை. எனக்கு இது மற்ற இரண்டையும்விட முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் இந்த நான்கு முறைகளும் பிழையானபோதும் பார்க்க அழகான கோடுகளையே வரைந்து கொடுக்கும்.

## உதட்டோரக் குழாய்

ப் என்று உதடு மூடியிருக்கும் கணத்தில் குரல்நாண்கள் விலகி நிற்கின்றன, மூக்கு வழியும் அண்ணத்தால் அடைபட்டிருக்கிறது. அப்போது நுரையீரலிலிருந்து உதடு வரை ஒரே அறை. கீழே இருக்கும் அழுத்தமே வாய்க்குள்ளும் இருக்கும். உதட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வைத்து அதை அழுத்த சென்சாரோடு இணைத்துவிட்டால் நுரையீரலின் அழுத்தத்தை வாயிலேயே படித்துவிடலாம். முன்னும் பின்னும் உள்ள இரண்டு ப் ஒலிகளின் அளவை எடுத்து, நடுவில் இருக்கும் உயிரொலிக்குச் சராசரியை வைத்துக்கொள்வதுதான் முறை. 1981இல் ஸ்மிதெரன், ஹிக்சன் இருவரும் இதை மருத்துவமனைக்கு ஏற்றபடி வடித்துக் கொடுத்தார்கள்: ஒரே மூச்சில் ஏழு முறை பி பி பி என்று, விநாடிக்கு ஒன்றரை அசை வேகத்தில் சொல்லச் சொல்வது. முதலையும் கடைசியையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வரும்போது ஒரு கவனம் தேவை, ஒரு வசதியும் இருக்கிறது. ஆங்கில ஆய்வின் நடைமுறையை அப்படியே எடுத்துவந்து அபாயம், கபம் போன்ற சொற்களைக் கொடுத்தால் எதுவும் கிடைக்காது. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வரும் நம் பகரம் குரலோடு ஒலிக்கிறது, பலருக்கு உதடு முழுதாக மூடுவதே இல்லை. குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டிருந்தால் அவற்றுக்கு மேலும் கீழும் அழுத்தம் சமமாகாது. வாயில் படிக்கும் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். கம்பு, அம்பு போன்ற சொற்களும் இதே காரணத்தால் உதவாது. ஆனால் அப்பா, உப்பு, தப்பு என்று இரட்டிக்கும் பகரம் இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. குரல் அறவே நின்று, உதடு நீண்ட நேரம் மூடியிருப்பதால் அழுத்தக் கோடு மேலே ஏறித் தட்டையாக நிற்கிறது. அந்தத் தட்டைதான் நமக்கு வேண்டும்.

நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் வாக்கியம் ஒன்று: குப்பன் தப்பாக உப்புப் போட்டான். குப்பனில் ஒன்று, தப்பாக என்பதில் ஒன்று, உப்பில் ஒன்று, சந்தியில் மிகுந்து வந்த ப் ஒன்று என நான்கு இடங்களில் அழுத்தம் படிக்கலாம். உப்புப் போட்டான் என்ற இடம் இன்னும் நல்லது. அங்கே நடுவில் இருப்பது குற்றியலுகரம். அது மிகக் குறுகிய ஒலி என்பதால் இரண்டு பக்கத்து எண்களின் சராசரியை அதற்குக் கொடுப்பதில் பிழை வர இடம் குறைவு.

ஒருவர் இதைச் சொல்லும்போது நான்கு இடங்களிலும் 7.8, 7.4, 7.0, 6.2 செ.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். தப்பாக என்பதில் உள்ள ஆகாரத்துக்கு 7.4, 7.0 இரண்டின் நடுவான 7.2 என்று எழுதலாம். தொடர் முடிவதற்குள் 1.6 செ.மீ. இறங்கியிருக்கிறது என்றும் சொல்லலாம். இது வரை சரி.

இப்போது மறைவான செலவு. இரண்டு ப் ஒலிகளுக்கு நடுவே அழுத்தம் நேர்கோடாகப் போகிறது என்று நாமே வைத்துக்கொண்டோம். அசைக்குள் ஓர் உந்து வந்து போயிருந்தால் இந்த முறை அதைப் பார்க்கவே பார்க்காது. ஸ்டெட்சன் சொன்னது சரியா என்று இந்தக் குழாயை வைத்துச் சோதிக்கப் போகிறேன் என்று ஒரு மாணவி திட்டம் எழுதிக்கொண்டு வந்தார். உந்து இல்லை என்றுதான் விடை வரும், அதுவும் உடம்பு சொன்ன விடையாக இருக்காது, நாம் போட்ட சராசரி சொன்ன விடையாக இருக்கும். அவருடைய மற்ற ஏற்பாடுகள் எல்லாம் நன்றாக இருந்ததால் அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

பிழையைக் கண்டுபிடிப்பது இந்த முறையில் எளிது, நான் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். வாய் திறந்திருக்கும் உயிரொலிகளில் கோடு பூஜ்யத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பவில்லை என்றால் குழாய்க்குள் உமிழ்நீர் போயிருக்கிறது, எடுத்து ஊதிவிட்டு மறுபடி வையுங்கள். மேலே தட்டையாக இல்லாமல் கூம்பாக வந்தால் பேசுபவர் வேகமாகச் சொல்கிறார், அல்லது கன்னத்தை உப்பவிடுகிறார். தட்டை இருக்க வேண்டிய இடத்தில் கோடு சரிந்தால் மூக்கு வழியாகக் காற்று கசிகிறதா என்று பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொல்லி, எண் கூடினால் கசிவுதான். அண்ணப்பிளவு உள்ளவர்களை இந்த முறையில் அளக்கும்போது இதைச் செய்யாமல் எந்த எண்ணையும் எழுதக் கூடாது.

## உணவுக்குழாய்ப் பலூன்

குழாய்க்கு ப் வேண்டும். பலூனுக்கு எதுவும் வேண்டாம், பேசுபவர் எதை வேண்டுமானாலும் பேசலாம், கோடு இடைவிடாமல் வரும். அதுதான் இதன் ஈர்ப்பு. மெல்லிய குழாயின் நுனியில் ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள ஒரு சிறு பலூன் இருக்கும். மூக்கு வழியாக விட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்லி விழுங்க வைத்து, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் நிறுத்துவார்கள். உணவுக்குழாயின் சுவர் இளகியது. மார்புக்கூட்டுக்குள் நுரையீரலைச் சுற்றி இருக்கும் அழுத்தத்தை அது அப்படியே பலூனுக்குக் கடத்துகிறது. 1950களில் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் குரலுக்கு இதைப் பயன்படுத்தினார், எடின்பரோ குழுவும் இதைத்தான் கையாண்டது.

பலூன் சொல்வது நுரையீரலைச் சுற்றியுள்ள அழுத்தம். நமக்கு வேண்டியது நுரையீரலுக்கு உள்ளே இருக்கும் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நுரையீரல் தானாகச் சுருங்கப் பார்க்கும் விசை. அந்த விசை நிலையானது இல்லை, உள்ளே காற்று எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப மாறும். இயல்பாக மூச்சுவிட்டு ஓய்ந்த நிலையில் 5 செ.மீ. அளவில் இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு ஒவ்வொரு 200 மி.லி. காற்றுக்கும் 1 செ.மீ. கூடும் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

குப்பனிடம் திரும்பலாம். பேசத் தொடங்கும்போது ஓய்வு நிலைக்கு மேல் 500 மி.லி. காற்று உள்ளே இருக்கிறது என்போம். சுருங்கும் விசை 5 கூட்டல் 2.5, அதாவது 7.5. முதல் ப் ஒலியில் உண்மையான அழுத்தம் 7.8 என்றால் பலூன் காட்டுவது 7.8 கழித்தல் 7.5, வெறும் 0.3. தொடர் முடியும்போது 450 மி.லி. போய் 50 மி.லி. மீதம். விசை 5.25 ஆகிவிட்டது. உண்மையான அழுத்தம் 6.2. பலூன் காட்டுவது 0.95.

உண்மையில் அழுத்தம் 1.6 செ.மீ. இறங்கியது. பலூனின் கோட்டை அப்படியே படித்தவர் அது ஏறியது என்று எழுதுவார். அளவில் கொஞ்சம் பிசகுவது வேறு, ஏற்றத்தையும் இறக்கத்தையும் மாற்றிச் சொல்வது வேறு. 1960களில் இதைப் பற்றித்தான் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்: நுரையீரலின் அளவைக் கணக்கில் சேர்க்காமல் பலூனின் எண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று. கூடாது என்பது இன்றைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட பதில். ஆகவே பலூனைத் தேர்ந்தால் கூடவே நுரையீரலின் அளவைக் காட்டும் இன்னொரு கருவியும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் இந்த 200 மி.லி. என்ற எண் வேறுபடும் என்பதால் பேசுபவரைத் தனியாக மூச்சுவிடச் செய்து அதையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். பலூன் ஒன்றை வாங்கினால் போதும் என்று நினைத்தவருக்கு வேலை மூன்று மடங்கு.

பலூன் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மூக்கால் சட்டென்று மோந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் கீழே போனால் பலூன் மார்புக்குள் இருக்கிறது. மேலே போனால் இரைப்பைக்குள் இறங்கிவிட்டது, கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். அப்புறம், கோட்டில் சீராக வரும் சிறு அலைகள் அசைகள் இல்லை, பக்கத்தில் இருக்கும் இதயத்தின் துடிப்பு. பேசாமல் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பத்து விநாடி பதிவுசெய்து வைத்தால் அந்த அலை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். திடீரென்று வானளவு ஏறி இறங்கினால் அவர் எச்சில் விழுங்கியிருக்கிறார்.

## மார்பு, வயிற்றுப் பட்டைகள்

இவை அழுத்தத்தை அளக்கவே இல்லை, காற்றின் அளவைத்தான் சொல்கின்றன. ஆனாலும் இந்தப் பட்டியலில் வைக்கிறேன். அழுத்தம் வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

வளைந்து வளைந்து கம்பி தைத்த இரண்டு எலாஸ்டிக் பட்டைகள். ஒன்று அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி, மற்றது தொப்புள் உயரத்தில். மார்பும் வயிறும் விரிந்து சுருங்குவதைத் தனித்தனியாகப் பதிவு செய்யும். விலாக்கூடு, வயிறு என்ற இந்த இரண்டின் அசைவையும் தக்க விகிதத்தில் கூட்டினால் நுரையீரலின் அளவு கிடைத்துவிடும் என்று கொன்னோ, மீட் இருவரும் 1967இல் காட்டினார்கள். அந்த விகிதத்தைக் கண்டுபிடிக்க, பேசுபவரை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வயிற்றை மட்டும் உள்ளே இழுத்து வெளியே விடச் சொல்வார்கள். காற்று எங்கும் போகவில்லை, ஆகவே மார்புப் பட்டையின் ஏற்றமும் வயிற்றுப் பட்டையின் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். அப்படி வரும் வரை விகிதத்தை மாற்றுங்கள். பிறகு அளவு தெரிந்த ஒரு பையில் மூச்சுவிடச் சொல்லி மி.லி. கணக்குக்குக் கொண்டுவரலாம்.

ஒருவர் எங்கே மூச்செடுக்கிறார், நீண்ட தொடருக்கு முன்னால் ஆழமாக எடுக்கிறாரா, ஓய்வு நிலைக்குக் கீழே இறங்கியும் பேசிக்கொண்டே போகிறாரா என்ற கேள்விகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வகுப்பின் முடிவில் குரல் இறுகிப்போகிறது என்று வரும் ஓர் ஆசிரியையிடம் பெரும்பாலும் கேட்க வேண்டியது கடைசிக் கேள்விதான். ஓய்வு நிலைக்குக் கீழே விலாக்கூடு திரும்ப விரியப் பார்க்கும். அதை எதிர்த்து வயிற்றுத் தசைகள் அழுத்தித் தள்ள வேண்டும். அப்படிக் கீழே இறங்கிப் பேசுகிறாரா என்பதைப் பட்டையின் கோட்டில் நேராகப் பார்க்கலாம்.

மறைவான செலவு அசைவு. கையைத் தூக்கிப் பேசினால், நாற்காலியில் சாய்ந்தால், பட்டை ஓர் அங்குலம் நழுவினால் அளவு மாறிவிடும். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தப் பைச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் உள்ளதை நம்ப வேண்டாம்.

## மூச்சுக்குழாய் ஊசி

நேரடி அளவு வேண்டும் என்றால் இந்த நான்கில் இது ஒன்றே வழி. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, மரத்துப்போகும் மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் ஊசியை இறக்கி அழுத்தத்தை அங்கேயே படிப்பது. ப் வேண்டாம், நுரையீரலின் அளவைக் கழிக்க வேண்டாம், கால் விநாடிக்குள் வரும் ஏற்றமும் தெரியும். மற்ற முறைகள் சரியா என்று பார்க்க வைக்கும் உரைகல் இதுதான்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர்தான் செய்ய வேண்டும். இரத்தம் கசியலாம், தோலுக்கடியில் காற்று புகலாம், இருமல் வந்தால் ஊசி உள்ளே இருக்கும்போது ஆபத்து. நெறிமுறைக் குழு எளிதில் அனுமதிக்காது, அனுமதிக்கக் கூடாது என்பதே என் எண்ணமும். கிடைத்தாலும் இரண்டு மூன்று பேருக்கு மேல் ஒப்ப மாட்டார்கள். கழுத்தில் ஊசியோடு ஒருவர் பேசும் பேச்சு அவருடைய வழக்கமான பேச்சுதானா என்பது வேறு கேள்வி.

ஆனால் பலர் கவனிக்காதது இன்னொன்று. ஊசியின் கோட்டில் அசைக்கு அசை சிறு ஏற்றங்கள் தெரியும். அதைப் பார்த்ததும் இதோ ஸ்டெட்சனின் உந்து என்று தோன்றும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் பின்னால் அழுத்தம் கூடுவதுபோல, ப், ட் என்று வாய் மூடும்போது நுரையீரல் எதுவும் செய்யாமலே கீழே அழுத்தம் சற்று ஏறும். ஹகரம்போல் காற்று கொட்டும் ஒலியில் சற்று இறங்கும். ஏற்றம் இருக்கிறது என்று ஊசி சொல்லும், தசை தள்ளியதா, வாய் அடைத்ததா என்று சொல்லாது. அதற்குப் பட்டையோ தசையின் மின் பதிவோ கூடவே வேண்டும். அடைப்பால் வந்த ஏற்றம் என்றால் அந்த நேரத்தில் காற்று வெளியேறுவது குறையும். தசை தள்ளியதால் வந்தது என்றால் காற்று வெளியேறுவதும் சேர்ந்து கூடும். இரண்டு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் பிரித்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | உதட்டோரக் குழாய் | பலூன் | பட்டைகள் | ஊசி |
|---|---|---|---|---|
| அளப்பது | ப் ஒலியின்போது உள்ள அழுத்தம் | நுரையீரலைச் சுற்றியுள்ள அழுத்தம் | காற்றின் அளவு | உண்மையான அழுத்தம் |
| அசைக்குள் வரும் மாற்றம் | தெரியாது | ஓரளவு, இதயத் துடிப்போடு கலந்து | அழுத்த மாற்றம் தெரியாது | தெரியும் |
| பேசக்கூடியது | ப்ப உள்ள வாக்கியம் | எதுவும் | எதுவும் | எதுவும், தயக்கத்தோடு |
| மறைவான செலவு | நடுவில் நேர்கோடு என்ற அனுமானம் | நுரையீரல் அளவுத் திருத்தம் | உடல் அசைவு | மருத்துவர், அனுமதி, ஆட்கள் |
| ஒப்புக்கொள்பவர்கள் | ஏறத்தாழ எல்லோரும் | சிலர் | எல்லோரும் | மிகச் சிலர் |

## யாருக்கு எது

முதுகலை ஆய்வேடு எழுதுகிறீர்கள், தொடர் முடிவில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, உரக்கப் பேசினால் எவ்வளவு கூடுகிறது என்பவையே கேள்விகள் என்றால் உதட்டோரக் குழாயை எடுங்கள். இருபது பேரை ஒரு மாதத்தில் அளந்துவிடலாம். ஒரு சொல்லை அழுத்திச் சொன்னால் என்ன ஆகிறது என்பதையும் ஓரளவு பார்க்கலாம், அந்தச் சொல்லுக்குள்ளேயே ப்ப இருக்கும்படி பார்த்துக்கொண்டால். தப்பாக என்பதை மட்டும் அழுத்திச் சொல்லச் சொல்லி அதன் எண்ணைச் சாதாரணமாகச் சொன்னபோது வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள், பக்கத்துச் சொற்களோடு ஒப்பிடாதீர்கள். தொடர் இறங்கிக்கொண்டிருப்பதால் பக்கத்துச் சொல் நேர்மையான அளவுகோல் ஆகாது.

மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்றால், தன்போக்கில் பேசும் பேச்சு வேண்டும் என்றால், பட்டைகள். இதனோடு உதட்டோரக் குழாயையும் சேர்த்தால் நான் அறிந்தவரை ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை. அளவும் அழுத்தமும் இரண்டும் கைக்கு வந்துவிடுகின்றன, ஊசியும் இல்லை, விழுங்குவதும் இல்லை.

பலூனை நான் ஒரே ஒரு சூழலில்தான் சொல்வேன்: தன்போக்கில் பேசும் பேச்சில் இடைவிடாத அழுத்தம் வேண்டும், பட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன, மூச்சியல் தெரிந்த மருத்துவர் ஒருவர் கூடவே இருக்கிறார் என்றால். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம்.

அசைக்குள் உந்து உண்டா என்ற பழைய சர்ச்சையைத் தமிழில் எழுப்ப நினைப்பவருக்கு ஊசியும் பட்டையும் சேர்ந்தே வேண்டும். அது தனி ஆளாகச் செய்யும் வேலை இல்லை. மருத்துவக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்துதான் செய்ய முடியும். மேலே சொன்ன மாணவி கடைசியில் கேள்வியை மாற்றிக்கொண்டார். அசையை விட்டுவிட்டு, நீண்ட தொடரையும் குறுகிய தொடரையும் ஒரே அழுத்தத்தில் தொடங்குகிறார்களா என்று குழாயாலும் பட்டையாலும் பார்த்தார். அவருடைய கருவிக்கு அந்தக் கேள்வி பொருந்தியது.

பேச்சு சிகிச்சை அறையில் இருப்பவர்களுக்கு இவை நான்கும் இல்லாமலே ஒரு தொடக்கம் உண்டு. முதலில் சொன்ன அதே தண்ணீர் டம்ளர்தான். உறிஞ்சுகுழலை ஒரு பேப்பர் கிளிப்பால் டம்ளரின் விளிம்பில் பிடித்துவைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு விடுங்கள். ஐந்து விநாடி விடாமல் குமிழி வர ஊத முடிந்தால் பேச்சுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தர அவருடைய மூச்சுக்கு இயலும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஹிக்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட வழி இது. கன்னத்தை உப்ப வைத்து அதன் பலத்திலேயே ஊதிவிடுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

எந்த முறையை எடுத்தாலும் சென்சாரை அளவுபடுத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். U வடிவக் குழாயில் வண்ணத் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கம் சென்சாரோடு சேர்த்து ஊதி, 0, 5, 10, 15 என்று பதிவுசெய்ய வேண்டும். இங்கே படிக்க வேண்டியது இரண்டு கைகளுக்கும் உள்ள உயர வித்தியாசம். நான் என் முதல் ஆய்வில் ஒரு கையில் தண்ணீர் ஏறிய உயரத்தை மட்டும் படித்தேன். ஒரு பக்கம் 5 செ.மீ. ஏறினால் மறுபக்கம் 5 செ.மீ. இறங்கியிருக்கும், உண்மை 10. ஒரு மாதப் பதிவு முழுக்கப் பாதி எண்களோடு இருந்தது. எல்லோரும் 3.5 செ.மீ. அழுத்தத்தில் தெளிவாகவும் உரக்கவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அப்படிப் பேச முடியாது என்பது உறைத்தபோதுதான் U குழாயை எடுத்து மறுபடி பார்த்தேன்.